கெலிச்சவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?

வர்ணனையின் முதல் பிரதியை எழுதி முடித்ததும் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது பக்கம் பாதி தாண்டியிருக்கும். "இதோ, மூன்றாம் நம்பர் சிறுவன் அனைவரையும் முந்திக்கொண்டு வெற்றிக்கோட்டைத் தொட்டுவிட்டான்" என்ற இடத்தில் ஊசியைக் கீழே வைத்தார்.

"தம்பி, அவன் என் பேரன். அவன் கெலிச்சது எங்களுக்குத் தெரியாதா? நாங்கதானே தூக்கிக்கினு வந்தோம்."

அத்தோடு அந்தப் பிரதி முடிந்தது. 11 பக்கம். கிழிக்க மனசு வரவில்லை, இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

எனக்குச் செங்கல்பட்டில் சின்னதாக ஒரு வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, இதுதான் பிழைப்பு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு மீனவக் குப்பத்தில் காணும் பொங்கல் விளையாட்டு விழாவைப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கயிறு இழுத்த கதை மறுபடி கிளம்பும், அதைப் பிறகு சொல்கிறேன். திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் போய், காலை முதல் இருட்டும் வரை இரண்டு கேமராவில் எடுத்தேன். வெட்டி ஒட்டினதில் 26 நிமிடப் படம் வந்தது.

படம் நன்றாக இருந்தது. சத்தம்தான் குப்பை. தை மாத வாடைக்காற்று மைக்கில் மோதி, ஆரம்பம் முதல் கடைசிவரை யாரோ தகரத்தைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இரைச்சல். மைக்குக்குப் போடுகிற பஞ்சு உறையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அது போதாதென்று நாள் முழுக்க மூங்கில் கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் கத்தினது, பெண்கள் சிரித்தது எதுவும் தனியாகத் தேறவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாசி மாசம் வலைக்கூடத்துச் செவுத்துல போடலாம். படம் ஊமையா ஓடட்டும், நீ பக்கத்துல நின்னு மைக்குல சொல்லிடு" என்றார்கள்.

கேட்கச் சுலபமாக இருந்தது. மூன்று வாரம் ஆனது.

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் ஆள் நின்று பேசுவது ஒன்றும் புதிதல்ல. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1931-ல் 'காளிதாஸ்' வந்து திரை பேச ஆரம்பிக்கும்வரை, எழுத்து அட்டையைப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் படத்தை விளக்கிச் சொல்ல நம் கொட்டகைகளில் ஆள் நின்றார்கள். ஜப்பானில் அது பெரிய தொழிலாகவே இருந்தது. பென்ஷி என்று பெயர். நடிகரை விடப் பென்ஷிக்காகக் கூட்டம் வந்த கொட்டகைகள் உண்டு. அகிரா குரோசவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது, வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள், நிற்கவில்லை. 1933-ல் அந்த அண்ணன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆனால் இவர்கள் எல்லோரும் தெரியாத கதையைத் தெரியாத கூட்டத்துக்குச் சொன்னவர்கள். என் கூட்டம் வேறு. படத்தில் ஓடுகிறவனும் கீழே உட்கார்ந்து பார்க்கிறவனும் ஒரே ஆள். எனக்கு வேண்டிய வாத்தியார் ஜப்பானில் இல்லை, எங்கள் பக்கத்திலேயே இருந்தார்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி அதே கதை தெருக்கூத்தாக. துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷமும் செத்தான். இருந்தும் பாரதம் படிக்கிறவர் வாயையே பார்த்துக்கொண்டு கூட்டம் அசையாமல் இருக்கிறது. அவர் யார் ஜெயித்தார் என்று சொல்லி ஆளை உட்காரவைப்பதில்லை. கதாயுதம் இறங்குகிற இடத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தின ராத்திரி பாஞ்சாலி என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதில் போய் நிற்பார். கூத்துக்காரர் காட்ட முடியாத இடம் அது.



இதைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். திரையில் தெரிவதைச் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்ததையும் சொல்லக் கூடாது. அப்படியானால் மிச்சம் என்ன? படச் சட்டத்துக்கு வெளியே நடந்தது. கேமராவுக்கு முதுகு காட்டி நின்றவன் முகத்தில் என்ன இருந்தது, ஓட்டத்துக்கு முன்னால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், இப்படி. இதற்கு நான் ஊருக்குள் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியில் படத்தை ஓட்டிக் காட்டி, ஆள் ஆளாகக் கேட்டேன். எழுதினதை விடக் கேட்டதுதான் அதிக நேரம்.

இனி நேரக் கணக்கு. இதில்தான் நான் முதலில் முழுசாகக் கோட்டை விட்டேன்.

வீட்டுக்குள் உட்கார்ந்து கைபேசியில் நேரம் வைத்து வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு என் வாயில் ஏறக்குறைய 100 வார்த்தை வருகிறது. தமிழ் வார்த்தை நீளம், அதற்கு மேல் போனால் விகுதிகளை விழுங்க ஆரம்பித்துவிடுகிறேன். திறந்த வெளியில், கடல் இரைச்சலுக்கு நடுவில், குழாய் ஸ்பீக்கரில் அந்த வேகம் எடுபடாது. 70 வார்த்தைதான். அதற்கு மேல் போனால் ஒரு வார்த்தையின் வால் அடுத்ததன் தலையில் ஏறிக்கொள்கிறது. 26 நிமிடத்துக்கு 70 என்று பெருக்கினால் 1,820 வார்த்தை. ஆனால் அதில் பாதியைத்தான் எழுதவேண்டும். மீதி நேரம் கூட்டம் பேசும். பேசத்தானே வருகிறார்கள்! "டேய் அது நீதாண்டா" என்பதை மைக்கால் அமுக்கினால் அன்றைக்கு வந்ததற்கே அர்த்தமில்லை. கடைசிப் பிரதியில் 860 வார்த்தை இருந்தது.

ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவரின் பேரன் ஓடின ஓட்டம், 10 வயசுக்கு உட்பட்ட பையன்கள், கடற்கரை மணலில் 50 மீட்டர். மணலில் பிள்ளைகள் ஓட 11 விநாடி ஆகியிருந்தது. 70 வார்த்தை வேகத்தில் 11 விநாடிக்கு 13 வார்த்தைக்கு மேல் போகாது. என் முதல் பிரதியில் அந்த இடத்துக்கு எழுதியிருந்தது 31. வீட்டில் படத்தை ஓட்டிவிட்டு வாசித்துப் பார்த்தேன். "பலத்த ஆரவாரத்துக்கு மத்தியில் ஓட்டம் ஆரம்பமாகிறது" என்று தொடங்கி 31 வார்த்தையையும் நான் சொல்லி முடிக்கும்போது திரையில் அந்தப் பையனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

ஓட்டத்தின் மேல் பேச முடியாது என்றால் எங்கே பேசுவது? ஓட்டத்துக்கு முன்னால். தொடக்கக் கோட்டில் எட்டுப் பையன்கள் குனிந்து நிற்கிற காட்சி படத்தில் 3 விநாடிதான் இருந்தது. அதைப் பிடித்து அப்படியே அசையாமல் 14 விநாடிக்கு நிறுத்தினேன். ஆளுக்கு இரண்டு வார்த்தை, எட்டுப் பேருக்கு 16 வார்த்தை, 14 விநாடி. கணக்கு ஒட்டிக்கொண்டது. எழுத்துக்காகப் படத்தை வெட்டலாம் என்பது இத்தனை வருஷம் வீடியோ வெட்டியும் எனக்குத் தோன்றவில்லை. படம் முடிந்த பிறகு எழுத்து என்றே நினைத்திருந்தேன்.

அந்த இரண்டு வார்த்தையிலும் ஒரு சங்கடம். போட்டிக்குப் பெயர் கொடுத்த நோட்டிலிருந்து பெயர்களை எடுத்து எழுதி வைத்திருந்தேன். எல்லாம் பள்ளிக்கூடப் பெயர். ஊரில் ஒருத்தருக்கும் புரியவில்லை. பெற்ற தாயே ஒரு கணம் யோசித்துவிட்டு "ஓ, நம்ம பெரியவனா" என்றார். அங்கே பிள்ளைகளுக்கு வீடுதான் முகவரி. ஆகவே கடைசிப் பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது:

படம்: கோட்டில் எட்டுப் பேர். அசையாமல் நிற்கிறது.
வாசிப்பு: கடைசிலேர்ந்து வரேன். டீக்கடை வீட்டுச் சின்னவன். ஐஸ்கம்பெனிக்காரர் மகன். மேட்டுவீட்டு ரெட்டையில மூத்தவன்...

அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டின் பேர் விழும்போதும் கூட்டத்தில் ஒரு மூலையில் சத்தம் எழும் என்று கணக்குப் போட்டு அசையாத படத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி, நடுவில் மூச்சு விட இடமும் வைத்தேன். பட்டப்பெயர்கள் நிறைய வந்தன. சிலது செல்லம், சிலது குத்தல். அந்தந்தப் பையனிடமே "இதை மைக்குல சொல்லலாமா?" என்று கேட்டு, இரண்டை எடுத்துவிட்டேன்.

பிறகு ஓட்டம். அந்த 11 விநாடிக்கு நான் எழுதியது ஒரே வரி:

வாசிப்பு: அலைக்கரை ஓரத்துல ஓடுறவன் காலைப் பாருங்க.

இந்த வரிக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன். கடற்கரையில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த மணலில் கால் புதையும், உந்துகிற பலத்தில் பாதியை மணல் தின்றுவிடும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டி, அதில் கால் தார்ரோடு மாதிரி நிற்கும். சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள் கடைசி ஓட்டப் பாதையை ஈரத்தை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். பேரன் ஓடியது அதில்தான். அன்றைக்கே முணுமுணுப்பு இருந்திருக்கிறது. இரண்டாவதாக வந்த பையன் நடுப் பாதையில் முழங்கால்வரை மணலை வாரிக்கொண்டு ஓடினான், ஒரு கை தூரத்தில் தோற்றான். அவனிடம் படத்தைக் காட்டி, என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அழவில்லை. "சீட்டுல அந்தக் கோடு அவனுக்கு வந்துச்சு ண்ணா. எனக்கு வந்திருந்தா நானும் விட்டிருக்க மாட்டேன்" என்றான்.

அதை அப்படியே எழுதினேன். ஓட்டம் முடிந்து அவன் முகம் வருகிற இடத்தில், "நடுக்கோட்டுல மணலை வாரிக்கினு வந்த தம்பி சொல்றாப்ல" என்று ஆரம்பித்து அவன் சொன்ன சொல்லையே வைத்தேன். பேரனின் தாத்தாவிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டினேன். ஊசி நிற்கவில்லை, வலை பின்னிக்கொண்டே இருந்தார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சின்ன இலக்கண விஷயம். முதல் பிரதியில் எல்லாமே "ஓடுகிறான், முந்துகிறான், விழுகிறான்" என்று நிகழ்காலத்தில் இருந்தது. போன மாதம் நடந்ததை இப்போது நடப்பது மாதிரி சொன்னால், அங்கே இருந்தவனுக்கு அது நாடகமாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் "ஓடினான், விழுந்தான்" என்று மாற்றினால் படத்தில் ஆள் ஓடிக்கொண்டிருக்கும்போது வாயில் அவன் ஓடி முடித்திருக்கிறான், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: திரையில் தெரிவதைச் சுட்டினால் நிகழ்காலம், திரைக்கு வெளியே நடந்ததைச் சொன்னால் இறந்தகாலம். "காலைப் பாருங்க" ஒன்று, "சீட்டுல வந்துச்சு" இன்னொன்று. காதுக்கு எது படத்தில் இருக்கிறது, எது இல்லை என்பது தானாகப் பிரிந்துவிடுகிறது.

இப்போது கயிறு.

வடக்குத் தெரு, தெற்குத் தெரு, தெருவுக்கு எட்டுப் பேர். முறையான கயிறு இழுக்கும் போட்டியில் கயிற்றின் நடுவில் ஒரு குறியும், அதற்கு இரண்டு பக்கமும் 4 மீட்டர் தள்ளி ஒவ்வொரு குறியும் இருக்கும். எதிரணியின் 4 மீட்டர்க் குறி தரையில் இருக்கிற நடுக்கோட்டைத் தாண்டினால் தீர்ந்தது. குப்பத்தில் நடுவில் ஒரு சிவப்புக் கர்சீப், தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. கர்சீப் எந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. மூன்றாவது இழுப்பில் வடக்குத் தெருவுக்குக் கொடுத்தார்கள். தெற்குத் தெரு ஒத்துக்கொள்ளவில்லை, கர்சீப் தொட்டதே தவிரத் தாண்டவில்லை என்றார்கள். என் படத்தில் பார்த்தால் கர்சீப் கோட்டை விட்டு ஒரு சாண் உள்ளே போய் நிற்கிறது. வடக்குத் தெருக்காரர்களுக்கு இது தெரிந்துவிட்டது. "நல்லா அழுத்திச் சொல்லு தம்பி, தெளிவா தாண்டிடுச்சுன்னு" என்று இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. என் கேமரா கோட்டுக்கு நேராக நிற்கவில்லை. தெற்குப் பக்கமாகத் தள்ளி, சாய்கோணத்தில் நின்றது. கர்சீப் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்கிறது, கோடு தரையில் இருக்கிறது. உயரத்தில் இருக்கிற ஒரு பொருளைச் சாய்வாகப் பார்த்தால், அதற்குப் பின்னால் தள்ளியிருக்கிற தரையின் மேல்தான் அது விழுவது மாதிரித் தெரியும். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேகமானியைப் பார்த்தால் முள் இடம் மாறித் தெரிகிறதே, அதே சங்கதி. சோதிக்க, வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸில் கோடு போட்டு, அதற்கு நேர் மேலே கொடிக்கயிற்றில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஏறக்குறைய அதே கோணத்திலிருந்து கைபேசியில் எடுத்தேன். கோட்டுக்கு நேர் மேலே இருந்த துணி படத்தில் ஒரு சாணுக்கு மேலேயே தள்ளித் தெரிந்தது. அதாவது என் படம் வடக்குக்கும் சாட்சி சொல்லாது, தெற்குக்கும் சொல்லாது.

அந்த இடத்துக்கு எழுதினது இது:

வாசிப்பு: இந்த கேமரா கோணல்ல நின்னுச்சு. இதை வெச்சு யாரும் கர்சீப்பை அளக்காதீங்க. கோட்டுக்கு நேரா நின்னவர் ஒருத்தர்தான். அவர் சொன்னது அன்னிக்கே முடிஞ்சுபோச்சு.

படம் காட்டுகிறவனே தன் படத்தை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டிய வரி. இருக்கிற 860 வார்த்தையில் இதை எழுதத்தான் அதிக யோசனை.

பெண்களின் மியூசிக்கல் சேர் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. ஒரு அத்தை நாற்காலியோடு பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். அவரே எழுந்து சிரித்தார், ஊரே சிரித்தது. அந்தத் துண்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படத்துல இருக்கட்டும், மைக்குல மட்டும் சொல்லாதே" என்றார். பார்த்துச் சிரித்தால் கண்ணோடு போய்விடும், சொல்லிவிட்டால் வார்த்தை தெருவில் நிற்கும் என்பது அவர் எண்ணம். அந்த இடத்தில் தாளில் "பேசாதே" என்று சிவப்பில் எழுதி வைத்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டும் சைக்கிள் போட்டிக்கும் அதே "பேசாதே"தான். கடைசியாக வருகிறவன் ஜெயிக்கிற பந்தயத்துக்கு எந்த வர்ணனையும் வேகமாகத்தான் இருக்கும்.

நன்கொடையாளர் பட்டியல் பெரிய தலைவலி. கிராமத்தில் எந்தக் கபடிப் போட்டிக்குப் போனாலும் பாதி வர்ணனை "ஐநூறு ரூபாய் அன்பளிப்பு வழங்கிய" என்றுதான் போகும். கேலி செய்யலாம், ஆனால் அந்தப் பணத்தில்தான் குடம் வாங்கினார்கள், பிளாஸ்க் வாங்கினார்கள். 43 பேர் இருந்தார்கள். பெயர், தொகை என்று வாசித்தால் நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். தொகையை எடுத்துவிட்டு, பெயர்களை மட்டும், காலையில் ஆட்கள் கம்பம் நட்டு, கொடி கட்டி, மணலைச் சமன் செய்கிற காட்சிகளின் மேல் தூவினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் தொகையைச் சொல்லியிருக்கலாம் என்றார். அவர் அதிகம் கொடுத்தவர் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

தாளைத் தயாரிப்பது தனி வேலை. பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு வைத்தேன், காற்று அப்படி. ஒரு போட்டிக்கு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும், கொட்டை எழுத்து. வாக்கியத்தின் நடுவில் தாள் திருப்புகிற மாதிரி எங்கேயும் வரக் கூடாது. ஓரத்தில் நிமிடம் விநாடி எழுதவில்லை, அதற்குப் பதில் படத்தில் தெரிகிற ஒரு அடையாளத்தை எழுதினேன்: "மஞ்சள் சட்டைக்காரர் விசிலை வாயில் வைக்கும்போது", "நாய் குறுக்கே ஓடினதும்". படம் எங்கேயாவது நின்று மறுபடி ஓடினால் கடிகாரம் பொய்யாகிவிடும், நாய் பொய்யாகாது. வெளிச்சத்துக்கு, ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் தலையில் மாட்டும் டார்ச்சை ஒரு அண்ணன் கொடுத்தார்.

ஒத்திகையில் இன்னொன்று தெரிந்தது. குழாய் ஸ்பீக்கர் இரண்டைச் சுவரோரமும் இரண்டைப் படகுகள் கிடக்கிற பக்கம் சவுக்குக் கம்பத்திலும் கட்டியிருந்தார்கள். அந்தத் தூரத்து இரண்டும் எனக்கு 60 மீட்டர். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும் என்றால், என் குரல் எனக்குத் திரும்பி வர விநாடியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். தன் குரலே அந்த அளவு தாமதித்துக் காதில் விழுந்தால் நாக்கு குழறும், எழுத்துகள் இழுபடும், ஆள் திக்குவான். முதல் தாளிலேயே குடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். மைக்செட்காரத் தம்பி சிரித்துக்கொண்டே தூரத்து இரண்டையும் கழற்றிவிட்டார். சரியாகிவிட்டது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ஏழே கால் மணிக்குப் படத்தைப் போட்டோம். வெள்ளையடித்த வலைக்கூடத்துச் சுவர்தான் திரை. நன்கொடையாளர்கள் போனார்கள், பிள்ளைகள் ஓட்டம் போனது. வீட்டுப் பேர் ஒவ்வொன்றும் விழ விழ அங்கங்கே சத்தம், நான் வைத்த மூச்சு இடம் போதவில்லை, இரண்டு வீட்டின் பேர் கூச்சலில் அமுங்கிவிட்டது. அத்தை விழுந்தார், நான் பேசவில்லை, அத்தைதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

கயிறு. முதல் இழுப்பு தெற்கு, இரண்டாவது வடக்கு. மூன்றாவதில் கர்சீப் நடுவில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது.

சுவர் கறுத்துவிட்டது. மைக் போகவில்லை. ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, என் தலையில் டார்ச்சும் எரிகிறது. நூற்றுக்கணக்கான முகம் என் பக்கம் திரும்பியது. கையில் இருக்கிற தாளில் என்ன இருக்கிறது? "இந்த கேமரா கோணல்ல நின்னுச்சு." இல்லாத படத்தைப் பற்றி என்ன கோணல் சொல்வது? வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னபோது அவர்கள் வாய்தான் மைதானம். பந்து எங்கே போனது, யார் ஓடுகிறார், எல்லாம் வார்த்தையில் இருந்தாக வேண்டும். நான் மூன்று வாரமாகப் பாடுபட்டு அதையெல்லாம் தாளிலிருந்து எடுத்துப்போட்டிருந்தேன். 11 பக்க முதல் பிரதியில் இருந்தது, அது செங்கல்பட்டில் டிராயரில் இருந்தது.

"கயிறு... இழுக்கிறாங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தெற்குத் தெருவுக்குக் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தவர். வம்பு கிளம்பப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் இருட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு முன்னாடி எட்டு முதுகு... இல்ல, ஏழு. ஒண்ணும் தெரியாது எனக்கு. கர்சீப்பு எங்க கீதுன்னே தெரியாது. கால் கட்டைவெரலு மட்டும் மண்ணுல போவுது. போவுது, போவுது. எனக்கு முன்னாடி நின்ன மச்சான் பின்னங்கழுத்துல வேர்வை ஓடுது, அதைத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

கூட்டத்தில் சத்தமில்லை. அலைதான் கேட்டது.

"அப்போ திடீர்னு கயிறு லேசா ஆயிடுச்சு" என்றார். "நாம கெலிச்சுட்டோம்னு நெனைச்சேன். பாத்தா எல்லாரும் என் மேல விழறாங்க. கயிறு எதுக்கு லேசாச்சுன்னு இன்னி வரிக்கும் எனக்குப் புரியல."

வடக்குத் தெருப் பக்கமிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலே: "எங்காளு ஒருத்தன் கால் வழுக்கி விட்டுட்டான் மாமா. மறுபடி புடிச்சுட்டான்."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மின்சாரம் வர நாலு நிமிடம் ஆனது. வந்ததும் மடிக்கணினியில் பார்த்தால், அது பாட்டுக்குத் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, உறியடிக்கு வந்துவிட்டது. கண்ணைக் கட்டின பையன் காற்றில் கம்பை வீசிக்கொண்டிருக்கிறான். பின்னால் தள்ளிக் கயிற்றைக் காட்டட்டுமா என்று கேட்டேன். இரண்டு தெருவிலிருந்தும் வேண்டாம் என்றார்கள். கோணல் கேமரா வரியை நான் வாசிக்கவே இல்லை. அந்தத் தாளை எடுத்து அட்டையின் அடியில் செருகிவிட்டு, உறியடித் தாளில் "கம்பு பானையைத் தாண்டிப் போனதும்" என்ற அடையாளத்தைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் கம்பு பானையைத் தாண்டிப் போயிருந்தது.